திருப்பிக் கொடுத்த சிஓடி பொருளுக்குப் பணம்: வங்கி விவரத்தை எந்த வழியாகக் கொடுப்பது

கேள்வி: தக்கலையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்காக கேஷ் ஆன் டெலிவரியில் 1,649 ரூபாய்க்கு ஒரு மிக்சி வாங்கினோம். ஜார் உடைந்திருந்ததால் போன வியாழக்கிழமை கூரியர்காரரிடம் திருப்பிக் கொடுத்தாச்சு. இன்றைக்கு ஒருவர் ஃபோன் பண்ணி, பணத்தை அனுப்ப அக்கவுண்ட் நம்பரும் ஐஎஃப்எஸ்சியும் வேணும், லிங்க் அனுப்புறேன் என்கிறார். ஆர்டர் நம்பர், பொருள், விலை எல்லாம் சரியா சொல்றார். குடுக்கலாமா? அக்கவுண்ட் நம்பர் தெரிஞ்சாலே பணத்தை எடுத்துடுவாங்கன்னு அம்மா பயப்படுறாங்க. பணம் எத்தனை நாளில் வரும்?

பதில்:

அக்கவுண்ட் நம்பரைக் கொடுக்கலாம், அந்த ஃபோன்காரரிடம் கொடுக்க வேண்டாம். அவர் அனுப்புகிற லிங்கிலும் நிரப்ப வேண்டாம். நீங்கள் எந்த ஆப்பிலோ தளத்திலோ மிக்சியை வாங்கினீர்களோ, அதை நீங்களே திறந்து, அந்த ஆர்டருக்குள் போய் அங்கே கேட்டிருந்தால் மட்டும் கொடுங்கள். நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் இருபது வருடத்துக்கு மேல் கவுண்டரில் இருந்தவன். கடைசி சில வருடங்களில் இந்தக் கேள்வியோடு பாஸ்புக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தவர்கள் நிறைய. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், கடை வங்கி விவரம் கேட்பதே சந்தேகப்பட வேண்டிய விஷயம் இல்லை. கார்டிலோ நெட் பேங்கிங்கிலோ கட்டியிருந்தால் பணம் வந்த வழியிலேயே திரும்பிப் போய்விடும், யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். நீங்கள் கொடுத்தது ரொக்கம். அதை வாங்கிப் போன டெலிவரி பையன் அன்று சாயங்காலமே கூரியர் அலுவலகத்தில் கணக்கு ஒப்படைத்திருப்பார், அது பிறகு கடைக்குப் போயிருக்கும். அந்த நோட்டுகளுக்குத் திரும்பி வர வழி கிடையாது. அதனால் கடைக்கு ஒரு வங்கிக் கணக்கோ யுபிஐ ஐடியோ தேவை. சில கடைகள் தங்கள் ஆப்பிலேயே இருக்கும் வாலட்டில் போட்டுவிட்டு 'ரீஃபண்ட் முடிந்தது' என்று காட்டும். அதைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பணத்துக்கு அங்கேயே வேறு பொருள்தான் வாங்க முடியும், எனவே வங்கிக் கணக்கு என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றும் இதோடு சொல்லிவிடுகிறேன். பார்சலை வாங்காமல் வாசலிலேயே வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தால் நீங்கள் பணமே கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட ஆர்டருக்கு 'ரீஃபண்ட் தருகிறோம்' என்று யாராவது அழைத்தால் அது மோசடி, அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

இப்போது அம்மாவின் பயம். ஒருவருக்குப் பணம் அனுப்ப மூன்றே விஷயம் போதும்: கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, கணக்கு வைத்திருப்பவர் பெயர். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பணத்தைப் போடலாம், எடுக்க முடியாது. எடுப்பதற்கு வேண்டியவை வேறு வகை. ஏடிஎம் பின், யுபிஐ பின், கார்டின் பின்பக்கம் இருக்கும் மூன்று இலக்கம், ஃபோனுக்கு வரும் ஓடிபி, செக்கில் கையெழுத்து, ஆதார் வழியாக எடுப்பதென்றால் கைரேகை. செக் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு தாளிலும் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் அச்சடித்துத்தான் இருக்கிறது, அதைத்தான் நாம் முன்பின் தெரியாதவர்களிடமும் கொடுத்துக்கொண்டிருந்தோம். மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தம் செய்ய ஒருவர் ஏற்பாடு செய்ய நினைத்தாலும் கணக்கு எண் மட்டும் போதாது, உங்கள் கார்டோ நெட் பேங்கிங்கோ ஆதார் ஓடிபியோ கையெழுத்தோ ஏதாவது ஒன்றால் நீங்கள் ஒப்புதல் கொடுத்தாக வேண்டும். அதனால் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: எண் தெரிந்ததால் மட்டும் பணம் போகாது. போன பணம் எல்லாம், எண்ணைக் கொடுத்த பிறகு நடந்த பேச்சில் போனதுதான்.

அந்தப் பேச்சு எப்படி நம்பவைக்கிறது என்பதைத்தான் நீங்கள் இன்று பார்த்தீர்கள். ஆர்டர் நம்பர் சொல்கிறார், பொருள் சொல்கிறார், விலை சொல்கிறார், அப்படியானால் கடைக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். மிக்சி வந்த அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளை நினைவுபடுத்திப் பாருங்கள். உங்கள் பெயர், முகவரி, பெரும்பாலும் ஃபோன் நம்பர், ஆர்டர் நம்பர், வாசலில் வாங்க வேண்டிய தொகை, பலவற்றில் பொருளின் பெயரும்கூட அதில் இருக்கும். அந்தப் பெட்டி எத்தனை கிடங்கு, எத்தனை வண்டி, எத்தனை கை மாறி தக்கலைக்கு வந்தது! திரும்பிப் போனதும் அப்படித்தான் போகிறது. அந்தத் தாளைப் படித்த எவரும் இன்று உங்களிடம் பேசியவர் பேசியது போலப் பேச முடியும். அழைத்தவர் உண்மையான கடை ஊழியரா இல்லையா என்று இங்கே உட்கார்ந்து நானும் சொல்ல முடியாது, நீங்களும் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. உண்மையான ஆளாக இருந்தாலும் 'சரி, நான் ஆப்பில் போட்டுக்கொள்கிறேன்' என்று சொல்லி வைத்துவிட்டால் அவருக்கு எந்த நஷ்டமும் கிடையாது. பொய்யான ஆள்தான் 'இப்பவே செய்யணும், இல்லேன்னா ரீஃபண்ட் கேன்சல் ஆகிடும்' என்று விடாமல் பிடிப்பார்.

திங்கள்சந்தை பக்கத்திலிருந்து ஒரு அக்கா கிளைக்கு வந்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. 1,299 ரூபாய்க்கு சுடிதார் வாங்கி, அளவு சரியில்லை என்று திருப்பிக் கொடுத்திருந்தார். ஒரு வாரமாகப் பணம் வரவில்லை. கடையின் பெயரைப் போட்டு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று கூகுளில் தேடியிருக்கிறார், மேலே வந்த பத்து இலக்க மொபைல் நம்பருக்கு இவரே அழைத்திருக்கிறார். எடுத்தவன் ரொம்ப மரியாதை. கணக்கு எண் கேட்டான், கொடுத்தார். அந்த நேரம் வரை ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் 'உங்க கணக்கு உயிரோட இருக்கான்னு செக் பண்ணணும், 5 ரூபாய் அனுப்புங்க, ரீஃபண்டோட சேர்த்துத் திரும்பிடும்' என்றான். பிறகு 'நான் பார்த்துச் சொல்லித் தர்றேன்' என்று ஒரு ஆப்பை இறக்கச் சொன்னான். அது ஃபோன் திரையை அப்படியே அடுத்தவருக்குக் காட்டுகிற ஆப். இவர் 5 ரூபாய் அனுப்பியபோது தட்டிய பின், பிறகு வந்த ஓடிபி எல்லாம் அவன் கண் முன்னால். இரண்டு தவணையாக 18,500 ரூபாய் போயிற்று. மறுநாள் காலை பத்தரை மணிக்கு என் எதிரில் உட்கார்ந்து அவர் சொன்ன முதல் வாக்கியம், 'அக்கவுண்ட் நம்பரைக் குடுத்துட்டேன் சார், அதான் பைசா போச்சு' என்பதுதான். அதனால் இல்லை அக்கா, அந்த 5 ரூபாயை அனுப்பச் சொன்னபோதே அழைப்பைத் துண்டித்திருந்தால் கணக்கு எண்ணை அவன் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்திருக்க முடியாது என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அவர் பயந்தது முழுக்க வேறு இடத்தில், ஆபத்து இருந்தது வேறு இடத்தில்.

அதனால் எல்லை எங்கே என்று தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பணம் வர வேண்டுமென்றால் நீங்கள் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டியதில்லை. யுபிஐ பின் என்பது பணம் போவதற்கும் இருப்பு பார்ப்பதற்கும் போடுவது, பணம் வருவதற்கு அது தேவையே இல்லை. க்யூஆரை ஸ்கேன் செய்வதும் கொடுப்பதற்குத்தான். ஓடிபி, கார்டு எண், திரையைக் காட்டும் ஆப், வாட்ஸ்அப்பில் வரும், தட்டினால் ஆப்பாக இறங்கிவிடுகிற ஏபிகே ஃபைல், இதில் எது ஒன்று பேச்சில் வந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள், வாதாட வேண்டாம். தனி ஆட்கள் 'பணம் கொடு' என்று யுபிஐயில் அனுப்பும் கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியிருக்கிறார்கள், அதனால் அந்த வழி மோசடி குறைந்திருக்கும். ஆனால் வியாபாரிக் கணக்கிலிருந்து கோரிக்கை வருவது இன்னும் உண்டு, எனவே திரையில் 'பே' என்று இருந்தால் அது உங்கள் பணம் வெளியே போகிற பொத்தான் என்று அம்மாவுக்கும் காட்டிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, பாதுகாப்பான வழியில் கொடுப்பது எப்படி? ஆப்பைத் திறந்து 'மை ஆர்டர்ஸ்' போங்கள், மிக்சியைத் தொடுங்கள், ரிட்டர்ன் நிலவரத்துக்குக் கீழே ரீஃபண்ட் எங்கே போக வேண்டும் என்று கேட்கும் இடம் இருக்கும். பல கடைகளில் ரிட்டர்ன் பதியும்போதே இதைக் கேட்டிருப்பார்கள். உங்கள் கணக்கு ஏற்கெனவே அங்கே பதிவாகியிருந்தால் இன்று வந்த அழைப்புக்கு அர்த்தமே இல்லை என்று ஆகிவிடுகிறது. சில கடைகள் உண்மையாகவே எஸ்எம்எஸ்ஸில் லிங்க் அனுப்பித்தான் விவரம் வாங்குகின்றன, அதை மறுக்க முடியாது. அப்போதும் லிங்கைத் தட்டாமல் ஆப்புக்குள் போய், அங்கேயும் அதே கோரிக்கை இருக்கிறதா என்று பார்ப்பதே நல்லது. ஆப் இல்லாத, இன்ஸ்டாகிராம் விளம்பரம் பார்த்து வாங்கிய சின்னக் கடையாக இருந்தால் பில்லிலும் தளத்தின் அடியிலும் இருக்கும் மின்னஞ்சலுக்கு நீங்களே எழுதுங்கள். உதவி எண் வேண்டுமென்றால் ஆப்புக்குள் இருப்பதை எடுங்கள், கூகுளில் மேலே வருவதை எடுக்காதீர்கள்.

நிரப்பும்போது செய்கிற தவறுகளால்தான் நிறையப் பேருக்குப் பணம் தாமதமாகிறது, அதைச் சொல்லியாக வேண்டும். ஐஎஃப்எஸ்சி பதினோரு எழுத்து. முதல் நான்கு வங்கியின் ஆங்கில எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் சுழியம், அடுத்த ஆறு கிளையைக் காட்டும். அந்தச் சுழியத்தை ஆங்கில எழுத்து O என்று அடிப்பவர்கள் அதிகம். பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதுவது இன்னொரு வில்லங்கம். வங்கிகள் இணைந்த பிறகு பழைய குறியீடுகள் செல்லாமல் போய்விட்டன. சிண்டிகேட் வங்கி 2020-இல் கனரா வங்கியோடு சேர்ந்தது, SYNB என்று தொடங்கும் குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் கிடையாது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற ஒரு பெரியவர், இப்படிப் பழைய குறியீடு இருந்த பாஸ்புக்கைப் பார்த்து மகன் நிரப்பிக் கொடுத்ததில் மூன்று முறை ரீஃபண்ட் தோற்றுப் போய், கடை ஏமாற்றுகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். பாஸ்புக்கை மாற்றிக் கொடுத்ததும் முடிந்தது. அம்மாவுக்குத் தபால் நிலையத்தில் மட்டும்தான் சேமிப்புக் கணக்கு என்றால் அதற்கும் பணம் வரும், நாடு முழுக்க எல்லாத் தபால் நிலையச் சேமிப்புக் கணக்குக்கும் ஒரே குறியீடு, `IPOS0000DOP`. தபால் துறையின் பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு வேறு, அதற்கு `IPOS0000001`. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

நம் மாவட்டத்தில் மட்டும் அடிக்கடி பார்த்த ஒரு சிக்கலும் உண்டு. வீட்டில் யாராவது வளைகுடாவில் இருப்பார்கள், கைக்கு எட்டுகிற பாஸ்புக் அவருடைய என்ஆர்இ கணக்காக இருக்கும், அந்த எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். என்ஆர்இ கணக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்காக இருப்பது, உள்ளூரிலிருந்து வரும் இப்படிப்பட்ட ரூபாய் வரவை அதில் பொதுவாக ஏற்க மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மாவின் சாதாரண சேமிப்புக் கணக்கையே கொடுங்கள்.

கணக்கு எண்ணை இரண்டு தடவை அடிக்கச் சொல்வார்கள், இரண்டாவது தடவை நகலெடுத்து ஒட்டாமல் பாஸ்புக்கைப் பார்த்து அடியுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. நெஃப்ட்டில் பணம் வந்து சேரும்போது வங்கி பார்ப்பது எண்ணைத்தான், பெயர் பொருந்துகிறதா என்று பார்த்து வரவு வைப்பதில்லை. ஒரு இலக்கம் தவறினால் பெரும்பாலும் அப்படி ஒரு கணக்கே இருக்காது, பணம் கடைக்கே திரும்பிவிடும். தப்பித் தவறி இன்னொருவரின் எண்ணாக அமைந்துவிட்டால் அவர் கணக்கில் விழுந்துவிடும், அவர் சம்மதம் இல்லாமல் வங்கி அதை எடுத்துக் கொடுக்க முடியாது, அனுப்பிய கடைதான் தன் வங்கி மூலம் கேட்க வேண்டும். 1,649 ரூபாய்க்காக எந்தக் கடை அவ்வளவு அலையும்!

பாஸ்புக் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள், வாட்ஸ்அப்பில் கேட்டால் அனுப்ப வேண்டாம். ஆப்புக்குள் ஏற்றச் சொன்னால், பெயர், எண், ஐஎஃப்எஸ்சி மூன்றும் தெரியும்படி வைத்து மற்றதை ஒரு தாளால் மறைத்து எடுங்கள். முகவரி, ஃபோன் நம்பர், பிறந்த தேதி, புகைப்படம், சிஐஎஃப் எண் எதுவும் பணம் அனுப்புவதற்குத் தேவைப்படாது. சிஐஎஃப் எண் சில வங்கிகளில் நெட் பேங்கிங் புதிதாகப் பதிவு செய்யும்போது கேட்கப்படுவது. ஓடிபி இல்லாமல் அது முடியாது என்றாலும் அதை ஏன் கையில் கொடுக்க வேண்டும்? கேன்சல் செக் கேட்டால் குறுக்கே இரண்டு கோடு போட்டு நடுவில் CANCELLED என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடாதீர்கள், இதை வலியுறுத்திச் சொல்கிறேன். ஆதார் நகல், பான் நகல், ஏடிஎம் கார்டின் படம், இவற்றை ரீஃபண்டுக்காகக் கேட்கிறவர் யாராக இருந்தாலும் கொடுக்க வேண்டியதில்லை.

யுபிஐ ஐடி கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம், இலக்கம் தவறும் பிரச்சினையும் அதில் குறைவு. ஐடியைப் போட்டதும் பெயர் காட்டும், அம்மா பெயரா என்று பார்த்துக்கொள்ளலாம். பலருடைய ஐடியில் ஃபோன் நம்பரே இருக்கிறது, அது பிடிக்கவில்லையென்றால் யுபிஐ ஆப்பிலேயே நம்பர் இல்லாத வேறு ஐடி வைத்துக்கொள்ள முடியும். என் வீட்டில் நான் செய்து வைத்திருப்பது, ஆன்லைன் விஷயங்களுக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, அதில் எப்போதும் இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு மேல் வைப்பதில்லை, யுபிஐயும் அதோடு மட்டும் இணைத்திருக்கிறேன். பென்ஷன் வரும் கணக்கை எந்த ஆப்பிலும் காட்டவில்லை.

பணம் எத்தனை நாளில் என்பதற்கு ஒரே எண் சொல்ல முடியாது, கடைக்குக் கடை மாறும், அந்தக் கடையின் ரிட்டர்ன் விதிப் பக்கத்தில் எழுதியிருப்பதுதான் அவர்கள் உங்களுக்குத் தந்த வாக்கு. ஆனால் நேரம் எங்கே போகிறது என்று தெரிந்தால் பதற்றம் குறையும். நீங்கள் வியாழக்கிழமை கொடுத்தீர்கள். அது நாகர்கோவில் கிடங்கு வழியாக வெளியூரில் இருக்கும் விற்பனையாளர் கிடங்குக்குப் போக நாலைந்து நாள் என்று வைப்போம், செவ்வாய் ஆகிறது. அங்கே பிரித்து, உடைந்த ஜார் நீங்கள் சொன்னபடி இருக்கிறதா என்று பார்க்க ஓரிரண்டு நாள், வியாழன். அதன் பிறகு ஆப்பில் 'ரீஃபண்ட் இனிஷியேட்டட்' என்று மாறும். அந்த நேரத்திலிருந்துதான் வங்கியின் வேலை தொடங்குகிறது, அது சின்ன வேலை. நெஃப்ட் 2019 டிசம்பர் முதல் இரவு பகல், ஞாயிறு, விடுமுறை என்றில்லாமல் அரை மணிக்கு ஒரு தொகுதியாக ஓடுகிறது. கணக்கில் வரவு வைக்க முடியவில்லை என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. அதனால் ஒன்று, அன்றோ மறுநாளோ பணம் வந்திருக்கும், இல்லை, கடைக்கே திரும்பியிருக்கும். 'உங்க பேங்க்ல ஏழு நாள் ஆகும்' என்று கடையில் சொன்னால் யுடிஆர் எண்ணைக் கேளுங்கள். ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் அது உண்டு, நெஃப்ட் என்றால் பதினாறு எழுத்து, ஐஎம்பிஎஸ் அல்லது யுபிஐ என்றால் பன்னிரண்டு இலக்கம். அந்த எண் இருந்தால் உங்கள் கிளையில் ஐந்து நிமிடத்தில் தேடிச் சொல்லிவிடுவார்கள். எண் தர மறுத்தால் பணம் இன்னும் அனுப்பப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வந்த பணத்தையே பார்க்காமல் விட்டவர்களும் உண்டு. வரவில் கடையின் பெயர் இருக்கும் என்று தேடுவார்கள், ஆனால் பல கடைகள் பணப் பட்டுவாடா நிறுவனம் ஒன்றின் வழியாக அனுப்புவதால் அந்த நிறுவனத்தின் பெயர்தான் பாஸ்புக்கில் விழும். பெயரை விட்டுவிட்டுத் தொகையைத் தேடுங்கள். தொகையும் 1,649 என்று அச்சாக இல்லாமல் இருக்கலாம். வாசலில் பணம் வாங்குவதற்கென்று பில்லில் தனியாகச் சேர்த்த கட்டணத்தைச் சில கடைகள் திருப்பித் தருவதில்லை. பொருள் உடைந்து வந்தது கடையின் குறை, அதனால் உங்கள் விஷயத்தில் முழுத் தொகையையும் கேட்டு எழுதலாம் என்பது என் கருத்து.

இதற்கு நேர்மாறாக, 16,490 ரூபாய் வரவு என்று ஒரு எஸ்எம்எஸ் வந்து, உடனே ஃபோனும் வந்து, 'ஒரு சைபர் கூடிப் போச்சு, என் வேலை போயிடும், மீதியை அனுப்பிடுங்க' என்று அழுகிற குரல் கேட்டால் இரக்கப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். அந்த எஸ்எம்எஸ் வங்கியிலிருந்து வந்ததாக இருக்காது, யாரோ அடித்து அனுப்பியது. வங்கி ஆப்பிலோ ஏடிஎம்மிலோ இருப்பைப் பாருங்கள், பணம் வந்தே இருக்காது. உண்மையிலேயே கூடுதல் பணம் விழுந்திருந்தாலும் நீங்கள் அனுப்ப வேண்டாம், அது வேறு யாரிடமோ திருடிய பணமாக இருந்தால் காவல்துறை விசாரணையில் அம்மாவின் கணக்கு முடக்கப்படலாம். கிளைக்குப் போய் எழுதிக் கொடுங்கள், வந்த வழியில் திருப்புவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கடை சொன்ன நாள் தாண்டியும் வரவில்லை என்றால், 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு ஆன்லைன் கடையும் குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். அவருக்கு எழுதினால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆர்டர் எண், திருப்பி எடுத்த தேதி, கூரியர் சீட்டின் எண், தொகை, இவ்வளவு போதும், கோபத்தை எழுத வேண்டாம். அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே சொல்லலாம், consumerhelpline.gov.in தளத்திலும் பதியலாம். அவர்கள் தீர்ப்பு சொல்கிறவர்கள் இல்லை, கடைக்கு அனுப்பிப் பதில் வாங்குகிறவர்கள். இவ்வளவு சின்னத் தொகைகள் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கடைசி வழி நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் முகவரியே இல்லாத, இரண்டு வாரத்தில் பெயர் மாற்றுகிற விளம்பரக் கடையாக இருந்தால் ஆணைய நோட்டீஸ் போய்ச் சேர இடமே இருக்காது, அந்த இடத்தில் சட்டம் கையில் இருந்தும் பணம் வருவது கஷ்டம்தான்.

இந்தப் பதிலைப் படிப்பதற்குள் அந்த லிங்கில் எதையாவது நிரப்பியிருந்தால், என்ன நிரப்பினீர்கள் என்று பாருங்கள். கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, பெயர் மட்டும் என்றால் கணக்கை மூட வேண்டிய அவசியம் இல்லை, அடுத்து வரும் அழைப்புகளை எடுக்காமல் இருந்தால் போதும். ஓடிபி, பின், கார்டு விவரம் போயிருந்தாலோ ஏதாவது ஆப்பை இறக்கியிருந்தாலோ முதலில் ஃபோனில் இணையத்தை அணையுங்கள், வேறு ஃபோனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கார்டையும் யுபிஐயையும் நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், cybercrime.gov.in தளத்தில் புகாரும் பதியுங்கள். திங்கள்சந்தை அக்காவுக்குப் பணம் போனது முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, எங்களிடம் வந்தது மறுநாள் காலை. இடையில் பதினாறரை மணி நேரம். பணம் முதலில் விழுந்த கணக்கிலேயே இருக்கும்போதுதான் அதைப் பிடித்து நிறுத்த முடியும், அது இரண்டு மூன்று கணக்கு தாண்டி யாரோ ஏடிஎம்மில் எடுத்துவிட்ட பிறகு எழுதிக் கொடுத்த புகார் அது. நாமே ஓடிபியையும் பின்னையும் விட்டுக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் பொறுப்பு, தெரிவித்த பிறகு போனால்தான் வங்கியின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்திருக்கிறது. அதனால் கிளை திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம், இரவு எத்தனை மணியானாலும் அழையுங்கள்.

இன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. வியாழக்கிழமை மிக்சியை எடுத்தபோது கூரியர்காரர் ஒரு சீட்டோ, எஸ்எம்எஸ்ஸோ தந்திருப்பார், அதில் ஏர்வே பில் எண் இருக்கும். பொருள் உங்கள் கையை விட்டுப் போனதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். சீட்டு அந்த வழவழப்பான தாளில் அச்சடித்ததாக இருந்தால் சில மாதத்தில் எழுத்து வெளிறிவிடும், இப்போதே ஒரு படம் எடுத்துக்கொண்டு, எண்ணை அம்மாவின் பாஸ்புக் உறையில் பேனாவால் எழுதி வையுங்கள்.